படத்தின் கீழே யார் பேர்?

இம்முறை எங்கள் காரியாலயத்துக்கு ஒரே வீட்டின் புதுமனைப் புகுவிழாவில் எடுத்த இரண்டு படங்கள் வந்தன. முதலாவது படத்தில் வாசலில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறது. கத்தரிக்கோல் பிடித்த கையும் மாலை விழுந்த கழுத்துகளும் முன்வரிசையில் நிற்கின்றன. வீட்டுக்காரர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள், வீட்டுக்காரியின் முகத்தில் பாதியை யாரோ ஒருவரின் தோள் மறைத்துவிட்டது. படத்தோடு தட்டச்சு செய்த குறிப்பும் வந்திருந்தது. இன்னாரின் வழிகாட்டலில், இன்னாரின் முயற்சியால் நிர்மாணிக்கப்பட்ட வீடு பயனாளி ஒருவருக்குக் கையளிக்கப்பட்டபோது எடுத்த படம் என்பது அதன் சாரம். குறிப்பில் ஐந்து பேர்கள் இருந்தன. அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் ஒருவருடைய பேரும் அதில் இல்லை.

இரண்டாவது படம் மூத்த மகள் தன் போனில் எடுத்தது. நாடாவும் கத்தரிக்கோலும் அதில் இல்லை. புது அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் அம்மா, அவருக்குப் பின்னால் அப்பா, கதவு நிலையைப் பிடித்தபடி சின்ன மகள். சுவரில் மாலை போட்ட ஒரு கிழவியின் படம். அம்மா புதுச் சேலை கட்டியிருக்கிறார். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. இந்தப் படத்தோடு குறிப்பு எதுவும் வரவில்லை.

இந்தப் பத்திரிகையில் நாங்கள் போடுவது இரண்டாவது படத்தைத்தான். அதற்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது ஒரு வரிக்குள் அடங்கவில்லை. அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டோம்.

தோழர்களே, பேர் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரட்டுக் களத்துக்குப் போய், மலையேறி, கொழுந்து நிறுத்து, செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர். பேர் விழாத நாளை நாம் உழைத்த நாளாகத் தோட்டம் கணக்கெடுக்காது. ஐந்து வருடம் உழைத்து எழுப்பிய வீட்டின் படத்தின் கீழே அந்தக் குடும்பத்தின் பேர் விழவில்லை என்றால், அந்த ஐந்து வருடமும் வெட்டப்பட்ட பேர்தான். அதை வெட்டியது துரையல்ல. குறிப்பை எழுதியவர் வெட்டினார். நாமும் கைதட்டிவிட்டு வந்தோம்.

எங்கள் பங்கையும் ஒப்புக்கொள்கிறோம். இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்தோம். புதுவீட்டுப் படங்கள் பலவற்றின் கீழே நாங்களும் நாடா வெட்டியவர்களின் பேரையே எழுதியிருக்கிறோம். குடும்பத்தாரை 'பயனாளிகள்' என்று ஒரே சொல்லில் கடந்துபோயிருக்கிறோம். அடுத்தவரைச் சொல்லுமுன் நம் முற்றத்தைக் கூட்டுவதுதான் முறை.

அந்த வீட்டின் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு வருடமாகக் கொழுந்தெடுக்கும் அம்மா ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் வரவு செலவு குறித்து வைத்திருந்தார். அதில் உள்ளதையே இங்கே தருகிறோம்.

வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு 23 இலட்சம் ரூபா. திட்ட உதவியாகக் கிடைத்தது 10 இலட்சம். மீதி 13 இலட்சமும் குடும்பத்தின் பணம். இருபத்துமூன்று ரூபாவில் பதின்மூன்று ரூபாவைப் போட்டவர் பயனாளியாம், நாடா வெட்டியவர் நிர்மாணித்தவராம். கடையில் பாதிக்கு மேல் பணம் போட்டவனைக் கடைக்காரன் என்போம், வாடிக்கைக்காரன் என்று யாராவது சொல்வோமா?

அந்தப் பத்து இலட்சமும் ஒரே தடவையில் கைக்கு வந்ததல்ல. நான்கு தவணை, தவணைக்கு இரண்டரை இலட்சம். அத்திவாரம் முடிந்து, வந்து பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகு முதல் தவணை. சுவர் நிலைமட்டம் தாண்டியபின் இரண்டாவது. கூரை போட்டபின் மூன்றாவது. பூச்சு, தரை, கதவு, மலசலகூடம் முடிந்தபின் நான்காவது. அதாவது ஒவ்வொரு படியையும் முதலில் தொழிலாளி தன் பணத்தில் கட்ட வேண்டும், பணம் பிறகுதான் வரும். வீடு கட்டக் கையில் காசில்லாதவருக்கென்று சொல்லப்படும் உதவி, கையில் காசுள்ளவர் முதல் அடி வைத்தால் மட்டுமே அசைகிறது. அந்த முதல் அடிக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் படத்தின் கீழே எழுதப்பட வேண்டிய கதை.

அது சீட்டிலிருந்து வந்தது. 2018 கடைசியில் ஏழு பேர்ச்சஸ் காணியைக் காட்டி, நான்கு மூலையிலும் கட்டை அடித்துவிட்டுப் போனார்கள். 2019 மே மாதம் அம்மா லயத்துச் சீட்டில் சேர்ந்தார். இருபது பேர், ஆளுக்கு மாதம் 2,500, எடுப்பவருக்கு 50,000. சீட்டு எப்படி ஓடும் என்று நம் வாசகர்களுக்குத் தெரியும். முதல் நம்பர் எடுத்தவருக்கு அது வட்டியில்லாத கடன். கடைசி நம்பர் எடுத்தவருக்கு அது சேமிப்பு, ஆனால் வட்டியில்லாத சேமிப்பு. சாவு வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளையின் பயணம் என்று அவசரம் உள்ளவர்களுக்கு முன் நம்பரை விட்டுக்கொடுத்து அம்மா கடைசி நம்பரை எடுத்தார். 2020 டிசம்பரில் 50,000 கைக்கு வந்தது.

அதோடு அத்திவாரத்துக்குச் சேர்ந்தது மாமியாரின் பணம். சுவரில் மாலையோடு இருக்கிறாரே, அவர்தான். முப்பத்திரண்டு வருடம் அதே மலையில் வேலை செய்து 2017இல் ஓய்வெடுத்தார். நாள் சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். அன்றைய அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. பதினான்கு நாளுக்கு 7,000, முப்பத்திரண்டு வருடத்துக்கு 2,24,000. ஒரு மனுஷியின் முழு வாழ்நாளுக்கும் கிடைத்த தொகை அவ்வளவுதான். அதில் 1,30,000ஐ எடுத்து மருமகளிடம் கொடுத்து, "அத்திவாரத்துல போடும்மா. மேல போட்டா காத்து தூக்கிட்டுப் போயிரும்" என்றாராம். மூத்த மகள் மூன்று மாதத்தில் அனுப்பிய 30,000ம் சேர்ந்து 2,10,000 ரூபாவில் 2021 ஜூனில் அத்திவாரம் முடிந்தது. முதல் தவணை அதன் பிறகுதான் வந்தது. கிழவி கூரையைப் பார்க்கவில்லை. ஆகவே இந்த வீட்டின் அத்திவாரக் கல்லை நாட்டியவர் யார் என்று யாராவது கேட்டால், எங்கள் பதில் அந்தக் கிழவி என்பதுதான்.

மூத்த மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தை எடுத்தவர் என்பதால் அவர் படத்தில் இல்லை. சாதாரண தரத்தில் சித்தியடைந்து, உயர் தரம் படிக்க விண்ணப்பப் பத்திரமும் நிரப்பி வைத்திருந்த பிள்ளை. அதைக் கொடுக்காமல் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார். 2021 மார்ச் முதல் 2024 ஆகஸ்ட் வரை நாற்பத்திரண்டு மாதம், மாதம் தவறாமல் 10,000 ரூபா அனுப்பினார். மொத்தம் 4,20,000. குடும்பம் போட்ட பதின்மூன்று இலட்சத்தில் மிகப் பெரிய தனிப்பங்கு இதுதான். பணம் கட்டிய பற்றுச்சீட்டு எல்லாம் கொப்பியின் நடுவில் குத்தி வைத்திருக்கிறது. அவருடைய படிப்புக்கு எந்தப் பற்றுச்சீட்டும் இல்லை.

இனி 2022க்கு வருவோம். 2021 ஜனவரியில் அம்மா இரண்டாவது சீட்டில் சேர்ந்தார். இம்முறை மாதம் 5,000, இருபது பேர், ஒரு இலட்சம். நாள் சம்பளம் 1,000 ரூபா ஆனது அந்த வருடம் மார்ச்சில். அதாவது மாதம் ஐந்து பேர் சீட்டுக்கு மட்டும். மறுபடியும் பொறுமையாகக் கடைசி நம்பர். இருபதாவது மாதம் 2022 ஆகஸ்ட். அந்த இருபது மாதத்துக்குள் நாட்டில் என்ன நடந்தது என்று எல்லாரும் அறிவோம். சீட்டுத் தொடங்கியபோது சீமெந்து மூடை ஆயிரம் ரூபாவை ஒட்டி இருந்தது. ஒரு இலட்சத்துக்கு ஏறக்குறைய நூறு மூடை வாங்கலாம். அம்மா பணத்தைக் கையில் வாங்கியபோது மூடை 3,200. அதே ஒரு இலட்சத்துக்கு முப்பத்தொரு மூடை. அவர் ஒரு சதமும் வீணாக்கவில்லை, ஒரு மாதமும் தவறவில்லை. ஆனாலும் அவருடைய சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

இன்னும் ஏறிவிடுமோ என்ற பயத்தில் முப்பத்தொரு மூடையையும் ஒரேயடியாக வாங்கி லயத்து இஸ்தோப்பில் பலகை போட்டு அடுக்கினார்கள். மலைநாட்டு மழையும் பனியும் சும்மா விடுமா? மூலைக் கூரையின் ஒழுக்கு கீழ்வரிசைக்கு இறங்கி ஆறு மூடை கல்லாகிவிட்டது. அந்த ஆறு மூடையையும் உருட்டிக்கொண்டு போய்ப் புதுவீட்டு வாசலில் படியாக வைத்திருக்கிறார்கள். முதல் படத்தில் மாலை போட்டவர்கள் ஏறி நிற்பது அந்தப் படியில்தான். என்ன படியென்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

சுவர் நிலைமட்டத்தோடு நின்றது. பதினொரு மாதம் கூரையில்லாமல் மழையில் நனைந்து கற்களில் பாசி பிடித்தது. தவணை உயரவில்லை, விலை மட்டும் உயர்ந்தது. வந்து பார்த்தவர்கள் வேலை தாமதம் என்று குறித்துக்கொண்டு போனார்களாம். கூரைக்கு மரமும் தகடும் வாங்க 2,90,000 தேவை. 2022 நவம்பரில், புதிதாகத் தொடங்கிய மூன்றாவது சீட்டில் இம்முறை அவசரக்காரர் அம்மாதான். மூன்றாம் நம்பரைக் கேட்டு வாங்கி ஒரு இலட்சம் எடுத்தார். மீதி 1,90,000க்கு தாலிக்கொடியும் தோடும் அடகுக்குப் போயின. படத்தில் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருப்பதன் காரணம் அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் தோழர்களே, ஏனென்றால் இந்த இடத்தில்தான் அநியாயம் இருக்கிறது.

அடகு வைத்த அந்த நாளில் அம்மாவின் பேரில் ஊழியர் சேமலாப நிதியில் 6,20,000 ரூபா இருந்தது. அது அவருடைய சொந்தப் பணம். மாதாமாதம் அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்காக 12 வீதமும் சேர்ந்தது. பத்து வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் மூன்று இலட்சத்துக்குக் குறையாமல் உள்ள அங்கத்தவர், வீட்டுத் தேவைக்கு அதில் 30 வீதம் வரை ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம் என்ற ஏற்பாடு 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6,20,000இல் 30 வீதம் 1,86,000. அடகுக்கடையில் வாங்கியது 1,90,000. ஏறத்தாழ அதே தொகை. அந்தப் பணம் வந்திருந்தால் தாலிக்கொடி கழுத்தை விட்டு இறங்கியிருக்காது.

ஏன் வரவில்லை? அம்மா விண்ணப்பம் கொண்டுபோனார். காணியின் உறுதியைக் கேட்டார்கள். உறுதி இல்லை. நான்கு கட்டையும் ஒரு கடிதமும்தான் இருந்தன. கடிதத்தை ஏற்கவில்லை. அவர் திரும்பி வரும் வழியில்தான் அடகுக்கடை இருந்தது.

அடகுக்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபா வட்டி. 1,90,000க்கு மாதம் 3,800. வருடத்துக்கு 24 வீதம். அதே 2022இல் சேமலாப நிதி அங்கத்தவர்களுக்குக் கொடுத்த வட்டி 9 வீதம். தன் பணம் 9 வீதத்தில் தூங்க, அந்தப் பணத்தைத் தொட முடியாத அம்மா 24 வீதத்துக்குக் கடன்பட்டார். 2024 ஆகஸ்ட் வரை இருபத்திரண்டு மாதத்தில் வட்டி மட்டும் 83,600 ரூபா. 1,000 ரூபா சம்பளத்தில் எண்பத்துநான்கு பேர், அதாவது மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு, ஒரு கடதாசி இல்லாத குற்றத்துக்கு அபராதமாகப் போனது. வீட்டுச் செலவு 23 இலட்சத்தில் இந்த வட்டி சேரவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அது தனியாக இருக்கிறது.

அந்தக் கடதாசி ஏன் இல்லை என்பதும் இரகசியமல்ல. தோட்டக் காணி அரசாங்கத்தின் சொத்து. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது, காணி நீண்டகாலக் குத்தகையில் போனது. ஆகவே ஏழு பேர்ச்சஸுக்கு உறுதி வர வேண்டுமானால் குத்தகைக்காரக் கம்பனி அதை விடுவிக்க வேண்டும், நில அளவையாளர் அளந்து வரைபடமும் துண்டு இலக்கமும் கொடுக்க வேண்டும், பிறகு அரசு கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று மேசை. ஒரு மேசையில் கோப்பு தூங்கினால் மற்ற இரண்டும் அதைச் சாட்டிக்கொள்ளும். ஏழு பேர்ச்சஸ் என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் சதுர அடி. ஏக்கரில் இருபத்திரண்டில் ஒரு பங்கும் வராது. தோட்டத்து வரைபடத்தில் தேடினால் குண்டூசி முனையளவு. அதை விடுவிக்க ஆறு வருடமா? கொழுந்து ஒரு நாள் தாமதித்தால் முற்றிவிடும் என்று நம்மைத் துரத்துகிறவர்களுக்குக் கோப்பு முற்றுவது மட்டும் ஏன் தெரிவதில்லை?

மற்றக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். 2023இல் அப்பா பசுவை விற்றது 1,60,000. அது தரைக்கும் பூச்சுக்கும் போனது. இந்த வருடம் கதவுக்கும் ஜன்னலுக்கும் மலசலகூடத்துக்கும் 1,50,000 கடன். வாராவாரம் வாசலுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள். சீட்டு மூன்றும் சேர்ந்து இரண்டரை இலட்சம், மகள் 4,20,000, மாமியார் 1,30,000, நகை 1,90,000, பசு 1,60,000, கடன் 1,50,000. கூட்டினால் 13 இலட்சம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மண் வெட்டியதும், மலையிலிருந்து வந்து படங்கை அவிழ்க்காமலே அம்மா கல் சுமந்ததும், லயத்துச் சொந்தங்கள் கைமாற்றாக வந்து கூரை ஏற்றியதும் இந்தக் கணக்கில் இல்லை. அதற்கும் கூலி போட்டால் பயனாளி என்ற சொல் இன்னும் வெட்கப்படும்.

இரண்டு வகை ஆட்களுக்கு இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டத்துச் சனத்துக்குச் சேமிக்கத் தெரியாது, சம்பளத்தைக் கூட்டினால் சாராயக் கடைக்குத்தான் போகும் என்று சொல்கிறவர்கள் முதலாவது வகை. அவர்களுக்கு நாங்கள் நீளமாகப் பேசப்போவதில்லை. இருபது பேர் சேர்ந்து, எழுத்து இல்லாமல், கையெழுத்து இல்லாமல், இருபது மாதம் ஒரு மாதமும் பிசகாமல் நடத்தும் சீட்டைப் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது வகை ஆட்கள் இந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். "பாருங்கள், மனம் வைத்தால் கட்டலாம், இந்தக் குடும்பம் கட்டவில்லையா? மற்றவர்களும் சேமிக்கட்டும்" என்பார்கள். இவர்கள்தான் எங்களுக்கு அதிகம் பயம் தருகிறவர்கள், ஏனென்றால் பாராட்டுகிற குரலில் பேசுகிறார்கள். அவர்கள் கணக்கைத் திரும்பப் பார்க்கட்டும். இந்த வீடு எழுந்ததற்கு, அந்த ஐந்து வருடத்தில் வீட்டில் யாருக்கும் பெரிய வருத்தம் வரவில்லை என்பதும் ஒரு காரணம். கொழும்புப் பக்கம் போய்ச் சம்பாதிக்கும் வயதில் ஒரு பிள்ளை இருந்தது ஒரு காரணம். விற்க ஒரு பசு இருந்தது, கழுத்தில் ஒரு கொடி இருந்தது. அடுத்த காம்பராவில் இருக்கும் குடும்பத்தில் பிள்ளைகள் சிறியவை, அப்பா அட்டையிலும் பனியிலும் கால் புண்ணாகி மாதத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் போட முடிவதில்லை. அவர்களும் அதே சீட்டில் இருந்தார்கள். அவர்கள் எடுத்த 50,000 ஆஸ்பத்திரிக்குப் போனது. அவர்களுக்குக் காட்டிய காணியில் நான்கு கட்டைகள் மட்டும் நிற்கின்றன. அவர்கள் மனம் வைக்கவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆகவே சேமிப்பைப் புகழ்வதோடு நாங்கள் நிறுத்திக்கொள்ள மாட்டோம். ஒரு பிள்ளையின் உயர் தரத்தையும் ஒரு தாயின் தாலிக்கொடியையும் கேட்கிற சேமிப்பைப் புகழ்வது மட்டும் போதாது, அது ஏன் கேட்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். நாங்கள் கேட்பவை மூன்று. கட்டை அடிக்கும் நாளிலேயே அளவு வரைபடமும் துண்டு இலக்கமும் தரப்பட வேண்டும், அத்திவாரத்துக்கு முன் உறுதி வர வேண்டும். உறுதி தாமதமானால் அந்தத் தாமதம் அரசினதும் கம்பனியினதும் தவறு, அதற்குத் தொழிலாளி அபராதம் கட்டக்கூடாது. காணிக் கடிதத்தை ஏற்றுச் சேமலாப நிதியின் 30 வீதத்தைக் கொடுக்க வழிசெய்ய வேண்டும். உறுதி வரும்போது அது கணவன் மனைவி இருவர் பேரிலும் வர வேண்டும். குடும்பத் தலைவர் என்று அப்பாவின் பேரை மட்டும் எழுதி, சீட்டுக் கட்டியவளையும் அடகு வைத்தவளையும் விட்டுவிடும் பழக்கம் இதோடு ஒழிய வேண்டும்.

அங்கத்தவர்களிடமும் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் அடையாள அட்டை, செக்ரோல், சேமலாப நிதிக் கணக்கு மூன்றிலும் உங்கள் பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். ஒன்றில் 'அம்மாள்', ஒன்றில் 'அம்மா', ஒன்றில் அப்பாவின் பேர் தலைகீழ் என்று இருந்தால், உறுதி வந்த பிறகும் பணம் வராது. இப்போதே தோட்டத் தலைவரிடம் சொல்லித் திருத்தத் தொடங்குங்கள். வீடு கட்டுகிறவர்கள் இந்த அம்மாவைப் போல ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். புதுமனைப் படம் அனுப்பும்போது அந்தக் கொப்பியின் கடைசிக் கூட்டுத்தொகையையும் அனுப்புங்கள். படத்தின் கீழே அதைத்தான் போடுவோம். வந்து வாழ்த்தியவர்களுக்கு நன்றி சொல்வது நம் பண்பு, அவர்கள் பேரும் இருக்கட்டும், கடைசி வரியில்.

இப்போது வாசகர்கள் கேட்பீர்கள்: இவ்வளவு எழுதிவிட்டு, அந்தக் குடும்பத்தின் பேரை நீங்களும் எழுதவில்லையே?

எழுதக் கேட்டோம். அம்மா வேண்டாம் என்றார். "உறுதி இன்னும் வரல்லீங்க. கையெழுத்து வைக்கிறவங்க மனசு கோணிறக் கூடாது. உறுதி கைக்கு வந்த பொறகு போடுங்க, மாமியா பேரையும் சேத்துப் போடுங்க" என்றார். தன் பணத்தில் கட்டிய வீட்டின் படத்தின் கீழே தன் பேரைப் போட ஒரு மனுஷி பயப்படுகிறாள் என்றால், அந்த வீடு இன்னும் அவளுக்குக் கையளிக்கப்படவில்லை. வெட்டியது நாடா மட்டும்தான்.

ஆகவே படத்தின் கீழே இப்போதைக்கு இப்படி எழுதுகிறோம்:

"பால் பொங்குகிறது. ஐந்து வருடச் சீட்டு, நாற்பத்திரண்டு மாதம் கட்டுநாயக்கவிலிருந்து வந்த பணம், ஒரு கிழவியின் முப்பத்திரண்டு வருடச் சேவைக்காலப் பணம், ஒரு பசு, அடகில் இருக்கும் ஒரு தாலிக்கொடி, இன்னும் கட்டி முடியாத ஒரு கடன். மாலையோடு சுவரில் இருப்பவர் அத்திவாரம் போட்டவர். படம் எடுத்தவர் மூத்த மகள். பேர்கள் உறுதி வந்தபின்."

உறுதி வரும் மாதத்தில் இதே படத்தை மறுபடியும் போடுவோம், எல்லார் பேரோடும். அதுவரை ஒவ்வொரு இதழிலும் இந்தப் பக்கத்தின் மூலையில், எத்தனை மாதம் ஆகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டே இருப்போம்.